முதல் ஆளுக்கு ஒரு கடிதம்

சின்ன ஊர் ஒன்றில் எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் சாமான் விற்கும் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கல்லாவில் கணவர், பில் போட மனைவி, சாயங்காலம் கல்லூரி விட்டு வந்து சரக்கு எடுத்துக் கொடுக்க மகன் என்று பல வருடங்களாக ஓடிய கடை. மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, வியாபாரமும் கூடியிருக்கிறது. முழு நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஐடிஐ முடித்த இளைஞரை அனுப்பி வைக்கிறார். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

"மாசம் பதினஞ்சாயிரம் தர்றேன் தம்பி. காலையில கடை திறக்கிறப்ப வந்துடு. தீபாவளிக்குப் பார்த்துச் செய்றேன்."

"சரிங்கண்ணே."

இரண்டு பேருமே நல்ல மனதோடுதான் பேசினார்கள். ஆனால் பேசாமல் விட்டதுதான் அதிகம். காலையில் வருபவர் எப்போது வீட்டுக்குப் போகலாம்? ஞாயிற்றுக்கிழமை லீவா, லீவென்றால் சம்பளம் உண்டா? கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் யார் பொறுப்பு? தீபாவளிக்குப் பார்த்துச் செய்வது எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் மனதில் இருக்கும். அது ஆறாவது மாதம்தான் வெளியே வரும், அதுவும் கோபத்தோடு. ஆஃபர் லெட்டர் என்பது அந்தப் பதில்களை முதல் நாளுக்கு முன்பே தாளில் கொண்டுவருவது. ஐடி கம்பெனிக்குத்தான் அது, நம் கடைக்கு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், பர்சனல் துறையோ மேனேஜரோ இல்லாத சிறிய கடைக்குத்தான் அது கூடுதலாக வேண்டும். பெரிய நிறுவனத்தில் விதிப்புத்தகம் இருக்கும். இங்கே இருப்பது இந்த ஒரு தாள்தான்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, முதலாளியுடன் வசித்து அவரைச் சார்ந்திருக்கும் மனைவி, மகன் போன்றவர்களைப் பணியாளராகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் இத்தனை நாள் மகன் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று யாரும் கேட்டதில்லை. வெளியாள் ஒருவர் சம்பளத்துக்கு வந்து நின்றதுமே வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறை, லீவு, வேலையை விட்டு நீக்கும் முறை எல்லாமே அந்தக் கடைக்குப் பொருந்த ஆரம்பிக்கின்றன. ஒரே ஓர் ஆள்தானே என்பது விலக்கு ஆகாது.

கடிதத்தின் தலைப்பகுதியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கடையின் பெயர், முகவரி, தேதி, சேருபவரின் முழுப்பெயர், பதவி, சேரும் நாள், எந்தத் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்பவை போதும். ஜூன் 1ஆம் தேதி சேர வேண்டும் என்றால் மே 25க்குள் கையெழுத்திட்டுத் தரச் சொல்லலாம். அவர் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்க்க ஒரு வாரம் மிஞ்சும். பதவிப் பெயரில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மரியாதைக்காக "மேனேஜர்" என்று போட்டுவிடுகிறார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குச் சட்டத்தின் வேலை நேர விதிகள் பொருந்தாது. சரக்கு எடுத்துக் கொடுத்துப் பில் போடுபவரை மேனேஜர் என்று எழுதினால் அவர் மேனேஜர் ஆகிவிட மாட்டார். பிரச்சினை வந்தால் பட்டத்தைப் பார்க்காமல் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். "விற்பனை உதவியாளர்" என்று உள்ளதை எழுதுவதே நல்லது.

வேலைப் பொறுப்புகள் என்ற இடத்தில் பெரும்பாலான கடிதங்கள் "கடை தொடர்பான அனைத்து வேலைகளும்" என்ற ஒரே வரியோடு நின்றுவிடும். பின்னால் வரும் மனக்கசப்புகளில் பாதி இந்த ஒரு வரியில் பிறப்பவை. கடையின் ஒரு நாளை மனதில் ஓட்டிப் பார்த்து, வரிசையாக எழுத வேண்டும். நம் கடைக்கு அது இப்படி இருக்கலாம்:

"வாடிக்கையாளர் கேட்கும் பொருளை எடுத்துக் கொடுத்துப் பில் போட வேண்டும். சரக்கு வந்ததும் டெலிவரி சலானோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, குறையிருந்தால் லாரிக்காரர் கிளம்பும் முன் சொல்ல வேண்டும். மீதமாகித் திரும்பி வரும் எல்போ, டீ, ஸ்விட்ச் போன்றவற்றைப் பழைய பில்லோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். வெட்டி விற்ற ஒயர் திரும்ப எடுக்கப்படாது. கடன் கொடுப்பதும் 200 ரூபாய்க்கு மேல் தள்ளுபடி தருவதும் முதலாளியிடம் கேட்ட பிறகே."

கடைசி வரி சின்னதுதான், ஆனால் அது வேலைக்கு வருபவரைக் காப்பாற்றும். தினமும் வரும் பிளம்பர் "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், நோட்டுல எழுதிக்கோ" என்று இரண்டாயிரம் ரூபாய் சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, புதிதாய் வந்த இளைஞர் எப்படி மறுப்பார்? மறுத்தால் வாடிக்கையாளர் கோபிப்பார், கொடுத்தால் முதலாளி கோபிப்பார். கடிதத்தில் அந்த வரி இருந்தால், "எனக்கு அனுமதி இல்லைண்ணே, ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்" என்று அவர் கூசாமல் சொல்ல முடியும்.

எது அவர் வேலை இல்லை என்பதையும் எழுத வேண்டும். இந்த வகைக் கடையில் முக்கியமான ஒன்று உண்டு. மோட்டார் ஸ்டார்ட்டரோ எம்சிபியோ வாங்க வருபவர், "தம்பியை அனுப்புங்க, வந்து மாட்டிக் கொடுத்துட்டுப் போகட்டும்" என்று கேட்பார். ஐடிஐ படித்தவர்தானே என்று முதலாளியும் அனுப்பிவிடுவார். அங்கே ஷாக் அடித்தால் நிலைமை என்ன? அவர் சேர்ந்தது விற்பனை வேலைக்கு. எனவே "வாடிக்கையாளர் இடத்தில் மின் இணைப்பு, பழுது பார்த்தல் ஆகியவை இந்தப் பணியில் சேராது" என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். முதலாளி வீட்டுக்குப் பால் வாங்கித் தருவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது போன்றவையும் அப்படித்தான். டெலிவரி உண்டு என்றால், கடையின் வண்டியில், ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டும், எத்தனை கிலோமீட்டருக்குள் என்று எழுத வேண்டும். வண்டியின் இன்சூரன்ஸ் கடையின் பொறுப்பு. இருபதடி பைப்பை மொபெட்டில் தோளில் சாய்த்துக்கொண்டு போகும் காட்சியை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். நீளச் சரக்கு ஆட்டோவில்தான் போகும் என்று ஒரு வரி சேர்த்தால் ஒரு கழுத்து தப்பும்.

அடுத்தது நேரம். நம் கடை காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறது. "9 முதல் 9 வரை" என்று கடிதத்தில் எழுதிவிட்டால், முதலாளி சட்ட மீறலுக்குத் தானே எழுத்தில் சாட்சி கொடுத்தவராவார். கடைப் பணியாளரின் வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இது பலருக்குத் தெரியும். தெரியாத இன்னொன்று இருக்கிறது: தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும்.

இதை வைத்து நேரத்தைப் போட்டுப் பாருங்கள். 10 மணிக்கு வந்து, ஒரு மணிக்குச் சாப்பிடப் போய், 2 மணிக்குத் திரும்பி, 7 மணிக்குப் போவதாக எழுதினால் மொத்தம் 8 மணி நேரம் சரியாக வருகிறது. ஆனால் மதியத்துக்குப் பிறகு 5 மணி நேரம் தொடர்ச்சியாக ஆகிவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தை 2 முதல் 3 வரை என்று மாற்றினால் முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று கச்சிதமாகப் பொருந்தும். ஆக, கடிதத்தில் வர வேண்டியது: "காலை 10 முதல் மதியம் 2 வரை, மாலை 3 முதல் 7 வரை, வார விடுமுறை ஞாயிறு, சம்பளப் பிடித்தம் இல்லை." காலை ஒரு மணி நேரமும் இரவு இரண்டு மணி நேரமும் கடையை யார் பார்ப்பது என்பதை முதலாளி இப்போதே யோசிக்க வேண்டும். மேஸ்திரிகள் காலை 8, 9 மணிக்கே சாமான் எடுக்க வரும் ஊர் என்றால், 9 முதல் ஒரு மணி வரை, 2 முதல் 6 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆளை வைத்துப் பன்னிரண்டு மணி நேரக் கடையை முழுதும் நிரப்ப முடியாது. ஆள் சேர்க்கும் முன்பே இது தெரிந்தால் நல்லது.

உட்காருவதற்கும் இங்கே ஒரு வரி இருக்க வேண்டும். 2021இல் தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை வசதி தர வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று ஆக்கியது. நாள் முழுக்க நின்றே கால் நரம்பு சுருண்டுபோன ஜவுளிக்கடைப் பெண்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம். கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கும் என்று எழுதுவதற்குக் காசு ஒன்றும் செலவாகாது.

சம்பளம் என்ற இடத்தில் 15,000 ரூபாய் என்று ஒரே தொகையாக எழுதினால் போதும். அதற்கு முன், கடைகளுக்காக அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைத் தொழிலாளர் துறையில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதில் அகவிலைப்படி ஏப்ரல் மாதந்தோறும் மாறும் என்பதால் போன வருடத் தொகை இந்த வருடம் செல்லாது. பணம் எந்தத் தேதிக்குள், எந்த வழியில் என்பதையும் எழுத வேண்டும்: "அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் பணியாளரின் வங்கிக் கணக்கில்."

ஓவர்டைம் இரட்டை விகிதத்தில் தர வேண்டும். மாதம் 26 வேலை நாள் என்று எடுத்தால் ஒரு நாள் சம்பளம் சுமார் 577 ரூபாய், ஒரு மணிக்கு 72 ரூபாய், ஓவர்டைமில் 144 ரூபாய். தீபாவளி வாரத்தில் அதிகபட்சம் 6 மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினால் ஏறக்குறைய 865 ரூபாய். இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிவிட்டால் பிறகு கைவிரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. அரை மணி நேரம் தாமதமாக வந்தால் பிடிக்கக்கூடியதும் இதே கணக்குப்படி 36 ரூபாய்தான். அதற்கு அரைநாள் சம்பளம், அதாவது 288 ரூபாய், வெட்டுவது பல கடைகளில் பழக்கமாக இருக்கிறது. அது வேலை செய்த நேரத்துக்கான கூலியை எடுத்துக்கொள்வதாகும்.

இனி கல்லாவுக்கு வருவோம். "கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்" என்ற வரி கடைக்காரர்கள் தவறாமல் கேட்கும் வரி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி அப்படிப் பிடிப்பதற்கு எல்லை உண்டு. கணக்குக் காட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணமாக இருக்க வேண்டும், இழப்பு நேரடியாக அவருடைய கவனக்குறைவால் ஏற்பட்டிருக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இப்போது நம் கடையைப் பாருங்கள். ஒரே கல்லா. முதலாளி கை வைக்கிறார், மனைவி கை வைக்கிறார், இப்போது மூன்றாவது கை. இதில் குறைந்த பணம் யாருடையது என்று எதை வைத்துச் சொல்வது? எண்ணி ஒப்படைக்கும் முறை இல்லாமல் அந்த வரியை எழுதினால், அது மிரட்டலாக மட்டுமே இருக்கும்.

எனவே வரியைவிட முறை முக்கியம். ஒரு நாள் சாயங்காலக் கணக்கை எடுத்துக்கொள்வோம். காலையில் சில்லறையோடு 2,000 ரூபாய் இருவரும் எண்ணி வைத்தார்கள். நாளெல்லாம் ரொக்க பில் 11,460 ரூபாய். லாரி வாடகைக்கு முதலாளி 3,000 எடுத்தார்; எடுத்ததும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் போட்டார். திரும்பி வந்த சரக்குக்கு 240 கொடுத்தார்கள். ஆக 10,220 இருக்க வேண்டும். எண்ணினால் 9,720. ஐந்நூறு குறைகிறது. யார் மேலாவது சந்தேகப்படும் முன், பில்களை யுபிஐ வரவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 500 ரூபாய் பில் ஒன்றுக்கு வாடிக்கையாளர் க்யூஆர் கோடில் பணம் போட்டிருக்கிறார். பில்லில் ரொக்கம் என்று பதிவாகியிருக்கிறது. பணம் எங்கும் போகவில்லை. இப்போதெல்லாம் கல்லாக் குறைவில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கடிதத்தில் இதை இப்படிச் சுருக்கி எழுதலாம்: "காலையும் மாலையும் கல்லா இருவரும் சேர்ந்து எண்ணி நோட்டில் கையெழுத்திடப்படும். யார் பணம் எடுத்தாலும் சீட்டு எழுத வேண்டும். யுபிஐ பணம் கடையின் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். குறைவு ஏற்பட்டால் பில்லும் வங்கி வரவும் ஒப்பிடப்பட்டு, பணியாளரின் விளக்கம் கேட்கப்பட்ட பிறகே முடிவு எடுக்கப்படும்." நேர்மையான முதலாளிக்கும் நேர்மையான பணியாளருக்கும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

லீவு விஷயத்தில் கடைக்காரர்கள் அதிர்ச்சி அடைவதுண்டு. மாநிலச் சட்டப்படி வருடத்துக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, உடல்நலக் குறைவுக்கு 12 நாள் வரை விடுப்பு, ஒரு வருடம் முடித்த பின் அடுத்த வருடத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. இது தவிர ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், ஐந்து பண்டிகை நாட்களும் உண்டு. எந்த ஐந்து என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பொங்கலும் ஊர்த் திருவிழாவும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் ஆள் வரப்போவதில்லை.

பிஎஃப் குறைந்தது 20 பேரும், ஈஎஸ்ஐ குறைந்தது 10 பேரும் உள்ள இடங்களுக்கே கட்டாயம் என்பதால் நம் கடைக்கு அவை வராது. "பிஎஃப், ஈஎஸ்ஐ தற்போது இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு கேட்டு ஏமாறும் நிலை வரக் கூடாது. தீபாவளி போனஸும் இந்த அளவுக் கடைக்குச் சட்டக் கட்டாயம் அல்ல, வழக்கம். ஆனால் "பார்த்துச் செய்றேன்" என்பதைத் தொகையாக மாற்றலாம்: "ஒரு வருடம் முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப." ஜூனில் சேர்ந்தவருக்கு அக்டோபர் முடிய ஐந்து மாதம் என்றால் 6,250 ரூபாய் என்று இருவருக்கும் முன்பே தெரியும்.

விலகுவது பற்றியும் கூச்சமில்லாமல் எழுத வேண்டும். முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம், அதில் யார் முடித்துக்கொள்ள விரும்பினாலும் 7 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அதன் பிறகு ஒரு மாதம் என்று வைக்கலாம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. திருட்டு போன்ற குற்றம் என்றால்கூட விசாரித்து, ஆதாரத்தைப் பதிவு செய்த பிறகே. அவர் விலகினாலும் நீக்கப்பட்டாலும் கணக்கை 2 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிடுவாரோ என்ற பயத்தில் முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பதும், பத்தாம் வகுப்பு ஒரிஜினல் சான்றிதழை வாங்கி பீரோவில் பூட்டுவதும் சரியான வழி அல்ல. நகல் போதும், "அசல் சான்றிதழ்கள் பெறப்படவில்லை" என்றே எழுதலாம்.

முன்பணத்தில் இன்னும் கவனம் தேவை. தங்கை கல்யாணத்துக்கு இருபதாயிரம் கேட்பார், கொடுப்பது உதவிதான். மாதம் இரண்டாயிரம் வீதம் பத்து மாதத்தில் கழியும் என்று தனித் தாளில் இருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் பாக்கி தீரும் வரை வேறு எங்கும் போகக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தால், உதவியாக ஆரம்பித்தது, 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறையின் பக்கம் போய்விடுகிறது. விலகும் உரிமையைக் கடனோடு கட்டவே கூடாது.

இவ்வளவும் சேர்ந்தாலும் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. தமிழிலேயே எழுதி இரண்டு பிரதி எடுத்து, கையெழுத்துக்கு நீட்டும் முன் முதலாளி ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு அந்த இளைஞர் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா அம்மாவிடம் காட்டட்டும். "ஞாயித்துக்கிழமை முகூர்த்த நாளா இருந்தா கடை திறப்பீங்களாண்ணே, அப்ப எனக்கு எப்ப லீவு?" என்று மறுநாள் கேட்டால் வரவேற்க வேண்டும். பதிலை அந்த இடத்திலேயே பேனாவால் சேர்த்து, அருகில் இருவரும் சுருக்கொப்பமிட்டு, இரண்டு பிரதியிலும் தேதியோடு கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். சம்பளம் கூடும்போதோ நேரம் மாறும்போதோ பழைய தாளைத் திருத்த வேண்டாம். புதிதாக ஒரு பக்கம் எழுதி அதோடு பின் செய்தால் போதும்.